ஒரு தாள் ஆதிகேசவன்

எங்கள் சர்க்கரை ஆலையின் அலுவலகக் கண்காணிப்பாளர் ஆதிகேசவனுக்கு வளவளப்பு என்றாலே எரிச்சல். 1985-இல் ஆலை விரிவாக்கம் பற்றிச் சென்னை நிபுணர்கள் இருநூற்றுப் பத்துப் பக்க அறிக்கை அனுப்பினார்கள். மேலாண் இயக்குநர் ஜீப் ஏறப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஆதிகேசவன் ஒரே தாளை நீட்டினார்.

‘முடிவு: புது அரவை எந்திரம் இப்போது வேண்டாம், கரும்பு வெட்டும் நாளை ஊர்வாரியாகப் பிரிக்கலாம், பக்கம் 187. காரணம்: வெட்டிய கரும்பு ஆலை வாசலில் காத்துக் கிடந்து சர்க்கரை குறைகிறது, பக்கம் 143. இடர்: தைக் கிருத்திகைக் கூட்டத்தில் திருத்தணி வழியே லாரி வராது, அன்று வெட்டக்கூடாது, இது அறிக்கையில் இல்லை, நான் சேர்த்தது.’

இயக்குநர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். “அப்போ அவ்ளோ பெரிய அறிக்கை எதுக்குய்யா?”

“ஃபேன் காத்துல இந்தத் தாளு பறக்குதுங்க. அந்த அறிக்கையத்தான் இது மேல வச்சிகினு இருந்தேன்.”