பொங்கல் தேதி போட்ட சத்துமாவு

குடோன் வாசலில் 'பாலகிருஷ்ணன்' என்று என் பெயர்தான் எழுதியிருக்கிறது. ஆனால் சரக்கு வண்டி வந்து நின்றால் டிரைவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "நீலாவதி அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். எரிச்சலாக இருக்குமா, இருக்காதா?

பிஸ்கட், ரஸ்க், சேமியா என்று வாங்கி, விருத்தாசலத்திலிருந்து நல்லூர், திட்டக்குடி வரைக்கும் கடைகளுக்கு அனுப்புவது என் தொழில். வருகிற சரக்கை இறக்கச் சொல்வதும் திருப்பி அனுப்புவதும் நீலாவதியின் பொறுப்பு. விதி இதுதான்: பாக்கெட்டில் போட்டிருக்கும் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் குடோனில், கடைக்காரர் அலமாரியில், வாங்குகிறவர் வீட்டில் என்று சரக்கு காத்துக்கிடக்க வேண்டுமே! விற்காமல் காலாவதியானால் கடைக்காரர் அதை என் தலையில்தான் கட்டுவார். அதனால் இந்த விதியைப் போட்டவனே நான்தான். அதில் என்னையே மடக்குவது நீலாவதி. வாசல் பக்கத்துப் பெட்டியை அவர் தொடவே மாட்டார். வண்டிக்குள் ஏறி, கடைசியில் அடியில் கிடப்பதைத்தான் உருவுவார். பழசை ஒளித்து வைக்கிற இடம் அதுவாம்.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் ஒரு சின்ன ஆட்டோ வந்தது. இறங்கியது தேவி, நீலாவதியின் தம்பி ராஜாவின் மனைவி. பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற வேலையை விட்டுவிட்டு, வீட்டில் மெஷின் போட்டு சத்துமாவு அரைக்கிறாள். முதல் லோடு. இது கடைகளுக்குப் போனால்தான் தொழில், இல்லாவிட்டால் பழையபடி பொம்மைக் கம்பெனி. மல்லிகைப்பூவும் புதுப்புடவையுமாக நின்றாள், பாவம்.

நீலாவதி ஆட்டோவுக்குள் தலையை விட்டு அடிப்பெட்டியை இழுத்தார். பாக்கெட்டைத் திருப்பினார். முகம் மாறியது.

"தேவி, இது பொங்கலன்னைக்கு அரைச்சதா?"

"ஐயோ, இல்ல அண்ணி! போன வாரம்தான் அரைச்சோம். கரண்ட் கனெக்‌ஷன் லேட்டாயிடுச்சு."

"அப்பறம் ஏன் பொங்கல் தேதி போட்டிருக்குது?"

"அன்னைக்குத்தான மெஷினுக்குப் பூஜ போட்டோம்? நல்ல நாளாச்சேன்னு எல்லா லேபிளுக்கும் அதையே அடிச்சிட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலாவதிக்கு வரவில்லை. மூன்று மாத ஆயுள் கொண்ட மாவு. லேபிள்படி ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. மூன்றில் இரண்டு பங்கு மிச்சமில்லை.

"வண்டியத் திருப்பிக்க."

தேவியின் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "விடும்மா, உன் வூட்டு ஆளுதான! மாவு புதுசுன்னு நமக்குத் தெரியுதில்ல?"

"நமக்குத் தெரியுது மொதலாளி. திட்டக்குடி கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவரு லேபிளத்தான் பாப்பாரு."

"அப்ப வேற லேபிள் ஒட்டிடறேன் அண்ணி," என்றாள் தேவி.

"ஒட்டின தேதியக் கிழிச்சு இன்னொண்ணு ஒட்டினா, நாளைக்கு யாரு எத நம்புறது?"

சே, என்ன பொம்பள இது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. சொந்தத் தம்பி மனைவி அழுதுகொண்டு நிற்கிறாள்! ஆட்டோ திரும்பிப் போனது. அன்றைக்கு முழுக்க நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாசி மகத்தன்று கோயில் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கிக்கொண்டு போனேன். பழக்கமான குரல் ஒன்று காதைத் துளைத்தது.

"வாங்க, வாங்க! கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடல எல்லாம் வறுத்து அரைச்சது! கஞ்சி குடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க!"

நீலாவதி! லீவு கேட்டது இதற்குத்தானா? பக்கத்தில் தேவி தம்ளரில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் அதே பெட்டிகள்.

"அடப்பாவமே! நீ வேணாம்னு திருப்பின சரக்குதான இது?"

"கடைக்கு அனுப்பத்தான் நாள் பத்தாது மொதலாளி. இன்னைக்கு வாங்கி நாளைக்குக் கஞ்சி வெக்கிறவங்களுக்குத் தாராளமா இருக்குது. தள்ளி நில்லுங்க, யாவாரத்தக் கெடுக்காதீங்க."

பொழுது சாய்வதற்குள் பெட்டிகள் காலி. இரண்டு மூன்று கடைக்காரர்களே, "இது உங்க குடோன்ல கெடைக்குமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் திருதிருவென்று முழித்தேன்.

அடுத்த வாரமே ஆட்டோ மறுபடி வந்தது. நீலாவதி வழக்கம்போல அடிப்பெட்டியை உருவினார். அரைத்த நாளே லேபிளில் இருந்தது.

"பூஜ போட்ட தேதி எங்கம்மா?" என்றேன் நான், வம்புக்கு.

"சாமி படத்துக்குப் பின்னால எழுதி ஒட்டிட்டேன்," என்றாள் தேவி.

நீலாவதி உள்ளே திரும்பி, லோடு இறக்குகிறவர்களைக் கூப்பிட்டார்.

"எறக்குங்கப்பா, பாத்து எறக்குங்க. எங்க வூட்டுச் சரக்கு."