மூன்றாவது பக்கம்

திருப்பதி ஆபீஸ் மாடியில் அன்று இருந்தவர்கள்: டைரக்டர். சேல்ஸ் ஹெட். மாதாமாதம் விற்பனை ரிப்போர்ட் எழுதும் மேடம். திருப்பதி டெப்போ இன்சார்ஜ். சித்தூர் டெப்போவிலிருந்து நான்.

எங்கள் கம்பெனி மாம்பழ ஜூஸ் விற்கிறது. ஏப்ரல் ரிப்போர்ட்டில் சித்தூர் முப்பத்தொரு சதவீதம் இறங்கியிருந்தது. மே மாதத்திலேயே டெப்போவை மூடிவிட்டுத் திருப்பதியோடு சேர்க்கலாமா என்பதுதான் பேச்சு.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் வருடக் கணக்கு முடிகிறது என்று, டார்கெட்டுக்காக டீலர்கள் குடோனில் தேவைக்கு மேல் சரக்கை ஏற்றிவிட்டோம். சேல்ஸ் ஹெட் போனில் சொன்னார், ஏற்றினோம். ஏப்ரலில் டீலர்கள் புதிதாக அதிகம் எடுக்கவில்லை. இருந்ததை விற்றார்கள். கடைகளில் விற்பனை ஏறித்தான் இருந்தது.

மேடம் அதைத்தான் எழுதியிருந்தார். டீலர் வாரியாக, மார்ச் கடைசியில் எவ்வளவு தேங்கியது, ஏப்ரல் கடைசியில் எவ்வளவு மிச்சம், கடைக்கு எவ்வளவு போனது. அந்தக் கணக்கெடுக்க நான் கங்காதர நெல்லூர் வரை போய் வந்தேன். மே மாதம் ஆர்டர் திரும்பிவிடும், சித்தூரை டீலர் பில்லை வைத்து எடை போடக்கூடாது என்று முடித்திருந்தார்.

சேல்ஸ் ஹெட் சொன்னார், "எல்லா டெப்போவுலயும்தான் ஏத்துனோம். திருப்பதி விழலையே?"

"இங்க ஏத்துனது கொஞ்சம் சார். லீவு கூட்டத்துல அதுவும் தீந்துபோச்சு. மூணாவது பக்கத்துல இருக்குது," என்றார் மேடம்.

டைரக்டர் திருப்பவில்லை. "மூணாவது பக்கம் எதுக்கும்மா? மொத பக்கத்துலயே செவப்பா இருக்குதே. காரணம் சொல்லணும்னா எங்க மாமியாரே சொல்லுவாங்க." சேல்ஸ் ஹெட் சிரித்தார். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏமய்யா, நீ சொல்லு. விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு சார். ஆனா..."

"அவ்ளோதான்."

டீ வந்தது. குடித்தோம்.

படிக்கட்டில் மேடம் கேட்டார், "அண்ணா, ரிப்போர்ட்ல எங்கனா தப்பு பண்ணிட்டனா?"

"இல்லம்மா. சரியாத்தான் இருந்துச்சு."

"மொத பக்கத்துலயே போட்டிருக்கணுமோ?"

"போட்டிருந்தா மொத பக்கத்தையும் பாத்திருக்க மாட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

சித்தூர் பஸ்ஸில் ஏறியதும் டெப்போ லோடுமேன் போன் செய்தான். "அண்ணே, டீலருங்க கேட்டுகினே இருக்கறாங்க. சரக்கு அடியோட தீந்துபோச்சாம். வண்டி ஏத்தட்டா?"

மேடம் எழுதியபடியே ஆர்டர் திரும்பிவிட்டது. "ஏத்து," என்றேன்.

"மீட்டிங் இன்னாச்சு?"

"வந்து சொல்றேன்."

மே முழுக்க வண்டி ஓயவில்லை. அந்த மாத ரிப்போர்ட்டில் சித்தூர் ஏறியிருந்தது. அதை மாடியில் படிப்பதற்குள் டெப்போவைப் பூட்டிச் சாவி கொடுத்துவிட்டோம். திருப்பதிக்கு யாரையும் எடுக்கவில்லை.

என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்.