மூன்றாவது மின்னஞ்சல்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவள் ஒருத்திதான். பரிசோதனை முடிவுகள் இருக்கும் சர்வரின் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று செத்துவிட்டது; மற்றதும் பிழை காட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் தலைமை மருத்துவரிடமிருந்து பதில் வரவில்லை. அவள் ஓடிப்போய்த் தலைமை நர்ஸிடம், பிழைப் பதிவு நிறைந்த அந்த இரண்டாவது மின்னஞ்சலைக் காட்டினாள்.

"அக்கா, இதைப் படிச்சா என்ன புரியுது?"

"ஏதோ ரிப்பேர்னு புரியுது. அதுக்கு டாக்டர் என்ன பண்ணணும்? நீ ஒண்ணும் கேக்கவே இல்லையேம்மா!"

அவள் மறுபடி எழுதினாள்: "இன்று மதியம் இரண்டு மணி நேரம் பரிசோதனைக் கணினியை நிறுத்த உங்கள் அனுமதி வேண்டும். தகவல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றாவிட்டால், கடந்த ஒரு மாத முடிவுகள் எந்த நிமிடமும் அழியலாம். அந்த இரண்டு மணி நேரமும் முடிவுகளைத் தாளில் எழுதித் தரலாம்." பிழைப் பதிவை, டிஸ்க் மாற்ற வரும் வெளிப் பொறியாளருக்காகக் கீழே தனியாகச் சேர்த்தாள்.

ஏழே நிமிடத்தில் பதில் வந்தது: "நிறுத்துங்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

நகல் எடுத்தபோது நான்கு நாள் முடிவுகளை மட்டும் மீட்க முடியவில்லை. அந்த நோயாளிகளிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்ல, அவளே வார்டுக்கு நடந்தாள்.