மேலே கேட்ட குழாய்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சியர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கென்று நிலத்தை அளக்க ஆரம்பித்திருந்த நேரம். என்னோடு சேர்ந்தவர்கள் ரோடு, கட்டடம் என்று அந்தப் பக்கம் போனார்கள். எனக்கு வந்ததோ ஊத்துக்கோட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டி, மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துக்குக் குடிதண்ணீர்த் திட்டம். கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது. மலைச்சரிவில் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது, அதைக் குழாயில் இறக்கி ஊருக்குக் கொடு என்றார்கள்.

முதல் நாள் போனபோது ஊர்க் கிணற்றடியில் ஒரு பெண் காலிக் குடத்தோடு தள்ளி நின்றிருந்தாள். மேட்டுக் காலனியிலிருந்து வந்தவள். காலனிக்காரர்கள் ஊர்க் கிணற்றில் கயிறு போடக் கூடாது. ஊர்ப் பெண்கள் யாராவது மனது வைத்துத் தங்கள் குடத்திலிருந்து ஊற்றினால்தான் உண்டு. நாங்கள் மட்டம் பார்க்கும் லெவல் கருவியை நிறுத்தி, தெருவைக் கடைசிவரை அளந்துவிட்டுத் திரும்பினோம். அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். குடமும் காலிதான்.

எனக்கு முன்கோபம் அதிகம். "யாராவது ஊத்தக் கூடாதா?" என்று கிணற்றடியில் கேட்டேன். ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுக்கே ரொம்பல சார். அப்பால ஊத்துவோம்" என்றாள். நின்றிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க வேலையப் பாருங்க சாமி. இது தினமும் இருக்கறதுதான்" என்றாள்.

இதில் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. திருவள்ளூரில் எங்கள் குடும்பம் கோயில் கைங்கரியக் குடும்பம். பெருமாளுக்குத் திருமஞ்சனத் தண்ணீர் எடுத்து வரும் என் சித்தப்பா எதிரே நாங்கள்கூடப் போக மாட்டோம். தண்ணீருக்கு மேல் கீழ் உண்டு என்பதைப் பால்குடி நாளிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் திமிர் எப்படிப் பேசும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பிற்பாடு அது உதவியாகவும் இருந்தது.

ஊற்றைக் கோடைக் கடைசியில் அளந்தேன். மழைக்காலத்தில் அளந்தால் எந்த ஊற்றும் ஆறுபோலத்தான் இருக்கும். வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து, பல தடவை எடுத்துச் சராசரி போட்டேன். விரல் கனம்தான் வந்தது, ஆனால் இரவும் பகலும் வந்தது. அதுவே பெரிது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குடத்தோடு வந்தால் அந்த விரல் கனம் போதாது. ராத்திரி முழுக்க வருவதை ஒரு தொட்டியில் சேர்த்து வைத்தால் போதும்.

ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சின்னதாக ஒரு பெட்டி கட்டி மூடினோம். வழிந்தோடும் துவாரத்தை ஊற்றுக்கண்ணுக்குக் கீழேயே வைத்தேன். தண்ணீர் கண்ணுக்கு மேல் ஏறி நின்று அழுத்தினால், ஊற்று வேறு பாறை இடுக்கைத் தேடிக்கொண்டு போய்விடும். அங்கிருந்து தொட்டிவரை ஒரே குழாய். நடுவில் ஒரு மேடு ஏறி இறங்க வேண்டியிருந்தது. மேட்டின் உச்சியில் காற்று சேர்ந்து தண்ணீரை மறிக்கும் என்பதால் அங்கே ஒரு காற்று வால்வு, பள்ளத்தில் வண்டலைத் திறந்துவிட ஒரு வால்வு. இதெல்லாம் பாடத்தில் இருக்கிற சங்கதி. தலைவலி தொட்டிக்குக் கீழேதான் ஆரம்பித்தது.

தொட்டி கட்டத் தோதான இடம் மலையடிவாரத்தில் ஒன்றுதான் இருந்தது, ஒரு தட்டைப் பாறை. காலனி இருந்த மேடு அதற்குக் கொஞ்சம்தான் தாழ்வு. ஊரோ நன்றாகக் கீழே, பள்ளத்தில். ஊருக்கு நான்கு குழாயடி, காலனிக்கு இரண்டு. தொட்டியிலிருந்து ஒரே குழாயை இறக்கி, போகிற வழியில் காலனிக்கு ஒரு கிளை கொடுப்பதுதான் முதலில் போட்ட படம்.

பஞ்சாயத்துத் தலைவர் படத்தைப் பார்த்தார். நல்ல விவசாயி, சாப்பாடு போடாமல் யாரையும் அனுப்ப மாட்டார். "இன்னா சார் இது? அவங்களாண்ட போய்க்கினு அப்பால எங்களாண்ட வருமா தண்ணி? அத்த நாங்க எப்படிக் குடிக்கிறது?" என்றார்.

குழாய்க்குள் தண்ணீர் யாரையும் தொடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. சரி, தொட்டியிலிருந்தே தனித்தனியாக இரண்டு குழாய் என்று மாற்றினேன். காலனி பக்கத்திலேயே இருந்ததால் செலவு அதிகம் ஏறவில்லை.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தொட்டியின் அடியில் இரண்டு குழாயையும் ஒரே மட்டத்தில் வைத்தால், ஊர் பள்ளத்தில் இருப்பதால் அந்தக் குழாய் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடும். காலனிக்குச் சரிவு குறைவு, தண்ணீர் மெல்லத்தான் போகும். ஊரில் நான்கு குழாயையும் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தொட்டி காலி. ஊர்க் குழாயை அடக்கி வைக்க ஒரு வால்வு போடலாம். ஆனால் அதன் சாவி யாரிடம் இருக்கும்? ஊர்க்காரரிடம்தான். காலனியில் குழாயடி இருக்கும், தண்ணீர் இருக்காது. அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அதே கிணற்றடியில் போய் நிற்பாள். அதற்கு நான் ஏன் கருவியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

சாமான் வந்து இறங்கிய அன்று அடுத்த வம்பு. சரிவு குறைந்த இடத்தில் தண்ணீர் தடையில்லாமல் போக வேண்டுமென்றால் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். அதனால் காலனிக்கு இரண்டரை அங்குலம், ஊருக்கு இரண்டு அங்குலம். தலைவர் இரண்டையும் கையால் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அவங்களுக்குப் பெரிசு, எங்களுக்குச் சின்னதா? ஊர்ல நான் தலை காட்ட முடியுமா?"

"உங்களுக்குப் பள்ளம். இந்தக் குழாயிலேயே பீய்ச்சி அடிக்கும்" என்றேன்.

கூட வந்த பெரிய மனிதர்களோடு தள்ளிப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். "அது இன்னாவோ கணக்கு, உடுங்க. ஆனா தொட்டில எங்க குழா மேல இருக்கணும். அவங்களது கீழ. மேலால இருக்கிற தண்ணி எங்களுக்கு. அவங்களுக்குக் கீழ போற தண்ணி போதும். இதுகூட இல்லன்னா வேலைய நிறுத்திடுங்க சார்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க முதலில் காய்வது மேல் குழாய். அதன் வாய்க்குக் கீழே நிற்கிற தண்ணீர் முழுவதும் கீழ்க் குழாய்க்குத்தான். ராத்திரியெல்லாம் எதை எப்படிச் செய்வதென்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனோ, அதை அவரே கொண்டுவந்து, அதிகாரத்தோடு என் கையில் திணித்தார்.

"மேல குழாய்னா எப்படின்னு நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். கேட்காமல் விட்டால் என் மனது ஒப்பாது.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது?" என்றார்.

சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, சலித்துக்கொள்வதுபோல் தலையாட்டினேன். காலனியின் ஜனத்தொகைக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பங்கு தண்ணீர் அடியில் நிற்கும் உயரத்தில் ஊர்க் குழாயை வைத்தேன். ஒரு விரற்கடை கூட ஏற்றவில்லை. ஏமாற்றுவது என் எண்ணமில்லை.

குழாய் பூட்டியவர் பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்துக்காரர். இரும்புக் கடையும் வைத்திருந்தார். இரண்டு துவாரங்களையும் பார்த்தவர் முறுக்குவதை நிறுத்தினார். "சார், மேல இருக்கிறது மொதல்ல காயுமே?"

"காயும் பாய்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க கேட்டதுதான்."

அவர் சிறிது நேரம் தாடியைத் தடவினார். "அவங்களே கேட்டாங்கன்னா நமக்கு இன்னா" என்று சொல்லிவிட்டு நூல் சுற்றி, குழாயை இறுக்கினார். அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

தண்ணீர் விட்ட நாளில் ஊர்க் குழாய்கள் பீய்ச்சி அடித்தன. தலைவர் எனக்கு மாலை போட்டார். மேட்டில் சத்தமில்லாமல், நிதானமாக, குடம் நிரம்பும்படி வந்தது. இரண்டு மழைக்காலம் நன்றாகப் பெய்ததால் தொட்டி நாள்தோறும் வழிந்தது. எந்தக் குழாய் மேலே, எது கீழே என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானே மறந்துபோனேன்.

மூன்றாவது வருஷம் மழை பொய்த்தது. ஊர்க் கிணறு சேறானது. ஊற்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு நாள் தலைவர் பஸ் பிடித்து என் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஊர்க் குழாயில் விடிந்ததும் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிடுகிறதாம். மேட்டில் மட்டும் சாயங்காலம்வரை வருகிறதாம். குழாயில் ஏதோ அடைப்பு, வந்து பார்க்க வேண்டும் என்றார்.

கூடப் போனேன். தொட்டி மூடியைத் திறந்து காட்டினேன். தண்ணீர் மேல் குழாயின் வாய்க்குக் கீழே, அசையாமல் கிடந்தது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். புத்திசாலி மனிதர், நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்க குழாயக் கொஞ்சம் கீழ எறக்கிக் குடுங்க" என்றார்.

"இறக்கினா அவங்க குழாய்க்குப் பக்கத்துல, சமமாத்தான் வரும். காலனிக்குச் சமமா வைக்கச் சம்மதம்னு பஞ்சாயத்துல தீர்மானம் போட்டுக் குடுங்க. அவங்க பங்குக்கு வேற வழி பண்ணிட்டு, நாளைக்கே செய்றேன்."

அவர் மூடியைத் தானே தூக்கி மூடினார். அந்தத் தீர்மானம் நான் அங்கே வேலை பார்த்தவரை வரவில்லை.

இறங்கும் வழியில் காலனியைத் தாண்டித்தான் வர வேண்டும். குழாயடியில் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் காலிக் குடங்களோடு தள்ளி நின்றிருந்தார்கள். காலனிக்காரர்கள் தொட்ட குழாயை எப்படித் தொடுவது? தொடாமல் தண்ணீர் எப்படி எடுப்பது? நான் முதல் நாள் பார்த்த அதே பெண் தன் குடத்தை நிரப்பி, குழாயை மூடி, இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நின்றவர்களில் ஒருத்தி, தலைவர் வீட்டு மருமகள்தான், தன் குடத்தை மெல்ல முன்னே நீட்டினாள். காலனிப் பெண் ஊற்ற வேண்டும் என்பதுபோல் இருந்தது.

அந்தப் பெண் குடத்தையும் பார்த்தாள், முகத்தையும் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"இங்க யாரும் யாருக்கும் ஊத்தறதில்லமா. தெறந்து புடிச்சிக்கோ" என்றாள்.

வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். தலைவர் என் பக்கத்தில் செருப்பைக் கழற்றி, உள்ளே இல்லாத கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. பிறகு அவள் கையை நீட்டிக் குழாயைத் திறந்தாள்.