நடவுக் கூலி இல்லாத மதிப்பீடு

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் செலவு மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு திருகாணியின் விலையைக் கூட, அதைத் திருகும் ஆளின் கூலியைச் சேர்க்காமல் நான் எழுதியதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இருக்காது.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் அணை வாய்க்கால் பாயும் ஒரு ஏக்கர் நெல்வயல் எனக்கும் தம்பிக்கும் பொது. பயிர் வைப்பவன் தம்பி. போகத்துக்கு நான்கு மூட்டை அரிசி எனக்கு வந்துகொண்டிருந்தது. ஓய்வுக்குப் பிறகு அது குறைவாகப்பட்டது. அந்தச் சமயம் பூ பயிரிடும் ஒருவர் வயலைக் குத்தகைக்குக் கேட்டார். தம்பிக்கு நெல்லை விட மனமில்லை. உன் பாதிக்கு நானே குத்தகை தருகிறேன், ஒரு ஏக்கருக்கு என்ன செலவு, என்ன மிச்சம் என்று நீயே கணக்குப் போட்டுச் சொல் என்றான்.

மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து போட்டேன். விதை முப்பது கிலோ, ஆயிரத்து ஐந்நூறு. டிராக்டர் உழவும் சேற்றுழவும் நாலாயிரத்து இருநூறு. டிஏபி, யூரியா, பொட்டாஷ் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூறு. பூச்சி மருந்து ஆயிரத்து ஐந்நூறு. அறுவடை மிஷினுக்கு நாலாயிரத்து இருநூறு. மூட்டை ஏற்றிச் செல்ல ஆயிரத்து ஐந்நூறு. வாய்க்கால் வற்றும் நாட்களில் ஓடும் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். ஆகவே தண்ணீர், பூஜ்யம். இரவில் போய் மடை மாற்றுபவன் தம்பிதான், அவனுக்கும் பூஜ்யம். வரப்பு வெட்டுவதும் அவனே.

நடவு, களை என்று வந்தபோது நிறுத்தினேன்.

"இதுக்கு என்ன குடுக்கற?"

"காசு ஒண்ணும் இல்லண்ணா. மாத்தாளுதான்."

மாத்தாள் என்றால், ஊர்ப் பெண்கள் நம் வயலில் ஒரு நாள் நட்டால் நம் வீட்டுப் பெண் அவர்கள் வயலில் ஒரு நாள் நட வேண்டும். நடவுக்குப் பதினான்கு பேர், களைக்கு எட்டுப் பேர். அத்தனை நாட்களையும் திருப்பிக் கொடுத்தவள் தம்பி மனைவி. ஆளுக்கு நானூறு என்று ஊரில் கூலி இருந்தது. எழுதியிருந்தால் மிச்சம் ஒன்பதாயிரம் போல் குறையும். காசு கைமாறவில்லை, ஆகவே செலவில்லை என்று சொல்லி எழுதாமல் விட்டேன்.

செலவு பதினைந்தாயிரத்து அறுநூறு. நெல் இருபத்தைந்து மூட்டை, நாற்பத்தாறாயிரம். மிச்சத்தில் என் பாதி பதினைந்தாயிரத்து இருநூறு. பெருந்தன்மையாக இருநூறைத் தள்ளுபடி செய்து, போகத்துக்குப் பதினைந்தாயிரம் குத்தகை என்றேன். தம்பி தாளை ஒருமுறை பார்த்தான், சரி என்றான்.

குத்தகையைக் கொடுத்த பிறகு அவர்களிடம் கூலிக்கென்று எதுவும் நிற்கவில்லை. முன்பெல்லாம் தம்பி மனைவிக்கு முடியாத நாளில் இரண்டொரு கூலியாளாவது வைப்பார்கள், அதுவும் நின்றது. எல்லாவற்றுக்கும் மாத்தாள். ஒரு நடவுக் காலத்தில் போனேன். தம்பி வீடு பூட்டியிருந்தது. எதிர் வயலில் முழங்கால் சேற்றில் குனிந்திருந்த வரிசையில் அவள் இருந்தாள். நிமிர்ந்து, சாவி மாடத்தில் இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். நான் உள்ளே போய்க் காபி போட்டுக் குடித்தேன்.

அடுத்த போகத்தின் களை முடிந்தபோது அவள் முழங்கால் வீங்கி மடங்காமல் போனது. இனிச் சேற்றில் இறங்கக் கூடாது என்று கிருஷ்ணகிரி டாக்டர் சொல்லிவிட்டார். அவள் போகாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். தம்பி கூலி கொடுத்து ஒரு போகம் வைத்துப் பார்த்தான். குத்தகையை எனக்கு ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தான். அதோடு நெல்லை விட்டான். வயல் இப்போது பூக்காரரிடம். தம்பி ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறான். அவனை ஏற்றிப்போக ஊருக்கே கம்பெனி பஸ் வருகிறது.

போன மாதம் கணக்கைச் சரியாகப் போட்டு, அதிகமாக வாங்கியதை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கூலியை வேண்டுமென்றேதான் விட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன்.

"தெரியும்ண்ணா," என்றான். "நீ படிச்சவன். மறந்திருக்க மாட்ட."

பணத்தை அவன் தொடவில்லை. அவகிட்டக் குடு என்றான். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உறையை வாங்கவில்லை.

"இது காசுல தீர்றது இல்லீங்க மாமா. ரெண்டு பேருக்கு இன்னும் ஆளு பாக்கி நிக்குது. காசா குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க, உன் காலு நல்லானதும் வந்துடுன்னு சொல்றாங்க. எங்க நல்லாகறது? அடுத்த வாரம் அவங்களுக்கு நடவு. நீங்க போறீங்களா?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். எனக்கு நடத் தெரியாது என்றேன்.

உறையைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓசூர் பஸ்ஸுக்குப் போனேன்.