மஞ்சளுக்கு அடியில்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று தங்கை விட்டுப்போனது. தக்கலையில் இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்.

போன மழைக்கு முன்னால் வலது நெற்றியில் தீ வைத்தது போல எரிந்தது. மறுநாள் சிறு கொப்புளங்கள் வந்தன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கனமாகப் பூசினேன். மஞ்சள் பூசின முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் உதவி கேட்டுப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

குவைத்தில் நர்சாக இருக்கும் மூத்தவள் அன்று கூப்பிட்டாள். என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். போட்டோ அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

"எம்மா, இது முகமா, மஞ்சக் கிழங்கா? உள்ள என்ன கெடக்குன்னு ஒண்ணுமே தெரியல்ல. கழுவிட்டு எடு."

தேய்த்துக் கழுவினேன். எரிச்சல் கூடியது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

"இப்பம் பளபளன்னு வெளிச்சம் அடிக்கு. எண்ணெயும் வேண்டாம், லைட்டும் வேண்டாம். பச்சைத் தண்ணியில மெல்ல ஒத்தியெடுத்து, ஜன்னல் பக்கம் நின்னு எடு."

"ஒண்ணும் பூசாத மொகத்த எப்பிடிட்டி அனுப்புவேன்?"

"எனக்குத்தானே அனுப்புத? நான் என்ன பெண்ணு பாக்கவா வாறேன்?"

ஜன்னலோரம் நின்றேன். கண்ணாடியில் பார்க்காத முகத்தைப் போனில் பார்த்தேன். கொப்புளங்கள் ஒரு பக்கத்தில் மட்டும். நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. மூக்கு நுனியிலும் இரண்டு.

அனுப்பினேன். பார்த்ததும் மெல்லச் சொன்னாள்.

"எம்மா, அக்கி. மூக்கு நுனியில வந்தா கண்ணுக்கும் போகும். இண்ணைக்கே நாகர்கோவில் போய்க் கண் டாக்டரப் பாரு. நாளைக்குன்னு வைக்காத."

தனியாகத்தான் பஸ் ஏறினேன். ஒருவரும் என் பக்கத்துச் சீட்டில் உட்காரவில்லை.

டாக்டர் விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். கருவிழியை லேசாகத் தொட்டிருக்கிறதாம். மாத்திரையும் சொட்டு மருந்தும் தந்தார். "கொப்புளத்தச் சுத்திச் செவந்திருக்கே, அது நீங்க பூசினதால பொங்கினது. இனி ஒண்ணும் பூசாதீங்க. இன்னும் ரெண்டு நாள் தள்ளியிருந்தா கண்ணுக்குக் கஷ்டம்" என்றார்.

கண் பிழைத்தது. ஆறுகிற வரை மகள் தினமும் போட்டோ கேட்டாள். காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் போய் நிற்பேன். வடு வெளுத்த பிறகு அவள் கேட்பது நின்றுவிட்டது. இப்போதும் அந்த நேரத்துக்கு எழுந்து, வெறும் முகத்தோடு கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

இதையெல்லாம் போனில் நான் சொல்லச் சொல்ல, மூத்தவளின் மகள் அங்கே உட்கார்ந்து டைப் அடிக்கிறாள்.

"ஆச்சி, முடிஞ்சா? போன வைக்கட்டா?"

"வைக்காத மக்கா. முதல்ல இருந்து ஒருக்க வாசி. மெல்ல வாசி."