மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இருபது நிமிடம்

எனக்குச் சத்தம் போட வராது. கோபம் வந்தால் ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அப்படி எழுதிய தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழு கேள்விகள். ஏழும் அக்கா மகளின் வகுப்பு டீச்சருக்கு. அவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

டிப்ளமோ முடித்துவிட்டு கோயமுத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். கம்பெனிக்குப் பக்கம் என்பதால் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நான் அவளுக்குச் சித்தி. நான்கு வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. பனிக்காலத்தில் வரும், தூசியில் வரும், ஓடினால் வரும். ஒவ்வொரு முறையும் ஊசி, மாத்திரை, இரண்டு நாள் பள்ளிக்கு லீவு. இது ஆஸ்துமா என்று அந்த வருடம் வேறொரு குழந்தை டாக்டர்தான் பெயர் சொன்னார். வாயில் அடித்து உறிஞ்சும் மருந்து இரண்டு, பிரவுன் ஒன்று, நீலம் ஒன்று; கூடவே மூச்சின் வேகத்தை எண்ணில் காட்டும், ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்றையும் கொடுத்தார். அவள் நன்றாக இருந்த இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதச் சொல்லி, வந்ததில் அதிகமான எண்ணை எடுத்துக்கொண்டார். இருநூறு. பிறகு ஒரு தாளில் மூன்று வண்ணத்தில் கோடு போட்டு எங்களிடம் நீட்டினார். நூற்றறுபதுக்கு மேல் பச்சை. நூறிலிருந்து நூற்றறுபது வரை மஞ்சள். நூறுக்குக் கீழே சிவப்பு.

எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. பம்பையும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். எந்த அளவு வரை ஓடலாம், எங்கே கவனிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும். ஆனால் டாக்டர் தந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஊதும் குழாயோ வீட்டில் இருந்தது. பள்ளியில் டீச்சர் எண்ணை எங்கே போய்ப் பார்ப்பார்? அதனால் கண்ணால் பார்த்தே தெரிகிற மாதிரி தமிழில் எழுதினேன். டாக்டரிடம் காட்டி, அவர் திருத்திய இரண்டு இடங்களையும் சேர்த்து, கெட்டி அட்டையில் வண்ணம் தீட்டி ஒட்டினேன்.

பச்சை: இருமல் இல்லை, விளையாடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். வீட்டில் காலையும் மாலையும் பிரவுன் மருந்து. இளைப்பு வராமல் காப்பது அதுதான், நன்றாக இருக்கிறாள் என்று நிறுத்தக் கூடாது. ஓட்டப்பந்தயம் இருந்தால் கால் மணி நேரம் முன்னால் நீல மருந்து.

மஞ்சள்: இருமுகிறாள், நெஞ்சில் விசில் சத்தம், விளையாட்டை விட்டு வந்து உட்காருகிறாள். நீல மருந்தை உடனே கொடுக்கவும். குலுக்கி, ஸ்பேசர் குடுவையில் மாட்டி, ஒரு அழுத்து, ஐந்து மூச்சு. மறுபடி குலுக்கி இன்னொரு அழுத்து. நான்கு வரை. இருபது நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுத்து, வீட்டுக்குச் சொல்லவும்.

சிவப்பு: ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நிறம் மாறுகிறது, மருந்து கொடுத்தும் குறையவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் நீல மருந்து கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவும். நிமிர்த்தி உட்கார வைக்கவும். படுக்க வைக்க வேண்டாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பள்ளியில் மருந்தை ஹெட்மிஸ்ட்ரஸ் பீரோவில் வைத்துப் பூட்டுவதாகச் சொன்னார்கள். சாவி அவர் இடுப்பில் இருக்கும், அவர் கூட்டத்துக்குப் போனால் சாவியும் போகும். இரண்டு முறை லீவு போட்டு நடந்தேன். கடைசியில் வகுப்பறையிலேயே, டீச்சரின் மேசை இழுப்பறையில், பூட்டாமல் வைக்க ஒப்புக்கொண்டார்கள். அட்டையும் அதே இழுப்பறையில். குழந்தையின் பெஞ்சிலிருந்து அந்த மேசை நான்கு எட்டு. அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை மதியம் கம்பெனி ஆபீசுக்கு போன் வந்தது, குழந்தைக்கு மூச்சுத் திணறல், கிளினிக்குக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்று. மறுநாள் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தரையில் உதிர்ந்ததைப் பெருக்கும் வேலை மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு. பையன்கள் வெளியே மைதானத்தில். யார் பெருக்க வேண்டும் என்று அங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாஸ்க், அதிலிருந்து புகை மாதிரி மருந்து. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. நர்ஸ் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம் என்றார். மூன்றாவது முறை மருந்து வைத்த பிறகுதான் தோள் இறங்கியது.

டீச்சர் சுவரோரம் நின்றார். சேலை முழுக்கச் சுண்ணாம்பு. எத்தனை மணிக்கு இருமல் ஆரம்பித்தது என்று கேட்டேன். இரண்டே கால் என்றார். மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். டீச்சர் சேலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். குழந்தையை ஏற்றி வந்த ஆட்டோக்காரர்தான் சொன்னார், தன்னைக் கூப்பிட்டபோது இரண்டு நாற்பது என்று.

அன்று மாலை அந்த ஏழு கேள்விகளை எழுதினேன். மருந்து நான்கு எட்டில் இருந்ததா? பூட்டாமல் இருந்ததா? அட்டையைப் படித்தீர்களா? அப்படியே போகும். வார்த்தைகள் எல்லாம் மரியாதையாகத்தான் இருந்தன. இப்போது எடுத்துப் பார்த்தால் பேனா தாளைக் கிழித்திருக்கும் இடங்கள் தெரிகின்றன.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை வெளியே காத்திருந்து வகுப்பறைக்குப் போனேன். டீச்சர் எழுந்து நாற்காலியை எனக்குப் போட்டார். நான் உட்காரவில்லை. தாளை விரிப்பதற்குள் அவர் இழுப்பறையைத் திறந்து என் அட்டையை வெளியே எடுத்தார். திருப்பினார். பின்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு குண்டூசியில் குத்தியிருந்தது.

“ஏனுங்க அம்மணி, நான் உங்க அட்டையையுந்தான் படிச்சேனுங்க. இதையுந்தான் படிச்சேனுங்க. பெத்தவங்க எழுதினது எது, சித்தி எழுதினது எதுன்னு பார்த்தா நான் எதைங்க கேக்கறது?”

சீட்டில் அக்காவின் கையெழுத்து. ‘மத்த பிள்ளைங்க முன்னால மருந்து குடுக்க வேண்டாமுங்க. பெல் அடிச்சு எல்லாரும் போனதுக்கப்புறம் குடுங்க. பொண்ணுப் பிள்ளையாச்சுங்களே.’

பிற்பகல் இடைவேளை மணி இரண்டு முப்பத்தைந்துக்கு. அந்த இருபது நிமிடமும் டீச்சர் குழந்தையைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, சுடுதண்ணீர் குடிக்கக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் இழுப்பறையைத் திறந்திருக்கிறார். அதற்குள் குழந்தையால் ஸ்பேசரை வாயில் பிடிக்கக்கூட முடியவில்லை. முகத்தைப் பார்த்த பிறகாவது அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். போட்டிருக்கோணுங்க என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு என் ஏழு கேள்விகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மடித்துப் பையில் போட்டேன். சீட்டையும் குண்டூசியோடு எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அக்கா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சீட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் பார்த்தாள், கரைப்பதை நிறுத்தவில்லை.

“உனக்கென்ன, எழுதிப்போட்டுப் போயிருவே. நாளைக்கு இவளைக் கேட்டு வர்றவங்க இந்த ஸ்கூல்ல படிச்ச எவளையாச்சும் விசாரிச்சா என்ன சொல்லுவா? குழாய் வெச்சு உறிஞ்சிக்கிட்டே இருப்பான்னுதானே?”

அவள் எதை நினைத்துப் பேசினாள் என்று எனக்குத் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர், மாமாவின் தங்கைக்கு இளைப்பு உண்டு என்று யாரோ சொல்லப்போக, நிச்சயம் வரை வந்த இடம் நின்றுபோயிருந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் சத்தமாக இருமியதில்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியது. எட்டு வயதுப் பிள்ளையின் மூச்சை, எந்த ஊர் என்றே இன்னும் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்காக மணி அடிக்கும்வரை நிறுத்தி வைத்திருக்கிறாள். அதோடு, அந்த மருந்து பழகிப்போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். நீல மருந்து ஒரு மூட்டை தூசியைவிடக் கெடுதல் என்றால் பள்ளியில் குழந்தை கையில் துடைப்பத்தை மட்டும் எதற்குக் கொடுத்தார்கள்? இதைக் கேட்டபோது என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அதற்குத்தான் பயந்ததாக அக்கா பிறகு சொன்னாள்.

குழந்தை கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மூன்று வண்ணமும் அவளுக்கு மனப்பாடம். அட்டையில் வண்ணம் தீட்டியதே அவள்தான்.

“மஞ்சள் வந்ததும் எனக்குத் தெரிஞ்சுது சித்தி. டீச்சர்கிட்டக் கேட்டேன். பெல் அடிக்கட்டும் கண்ணுன்னாங்க. அப்புறம் சிவப்பாயிருச்சு. சிவப்புல கேக்க முடியாதுல்ல.”

புகார் சொல்லும் தொனியே இல்லை. அட்டையில் இருப்பதை ஒப்பிப்பது போலச் சொன்னாள். அக்காவின் கை புளித்தண்ணீரிலேயே நின்றது.

அக்காவைத் தேற்ற எனக்குத் தோன்றவில்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். புது அட்டை ஒன்றில் மூன்று கட்டத்தையும் மறுபடி எழுதி, பேனாவோடு அவள் முன்னால் வைத்தேன். என் அட்டையில் என்ன செய்ய வேண்டும், எத்தனை முறை, எவ்வளவு நேரம் எல்லாம் இருந்தது. எங்கே வைத்து, யார் முன்னால் என்று ஒரு வரி இல்லை. கம்பெனியில் ஒரு டெஸ்ட் முறையை அப்படி இடம் போடாமல் எழுதியிருந்தால் என் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பியிருப்பார். அந்தக் குறை என்னுடையது. ஆனால் அந்த வரியை நான் எழுதப் போவதில்லை என்று அக்காவிடம் சொன்னேன். டீச்சர் பெத்தவங்க கையெழுத்தைத்தான் கேட்பார்.

அக்கா அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு, மஞ்சள் கட்டத்துக்கு மேலே எழுதினாள். ‘இருக்கற இடத்துலயே குடுங்க. எல்லாரும் இருந்தாலும் குடுங்க. பெல்லுக்குக் காத்திருக்க வேண்டாமுங்க.’ கீழே கையெழுத்துப் போட்டாள். சிவப்புக் கட்டத்துக்குக் கீழே இடம் இருந்தது. அங்கேயும் போடச் சொன்னேன். போட்டாள்.

திங்கட்கிழமை அட்டையை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு இழுப்பறையில் வைத்தார். நீல மருந்து இன்னொன்று வாங்கி, அக்கா பழைய ஜாக்கெட் துணியில் தைத்த சுருக்குப் பையில் போட்டு, குழந்தையின் தோளில் மாட்டியிருந்தோம். அது எதற்கு என்று பக்கத்து பெஞ்சுப் பிள்ளை கேட்டாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

“எனக்கு மூச்சு மஞ்சளானா இதை அடிக்கோணும்” என்றாள் அக்கா மகள். “நான் பேசலைன்னா நீ போயி டீச்சர்கிட்டச் சொல்லோணும்.”